பொதுக்குழுத் தேதி குறிப்பது பற்றி நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கும்பகோணத்தில் உள்ள நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோருக்கு வணக்கம்.

சென்ற தை மாதப் பொதுக்குழுவுக்குத் தேதி குறிக்க, நம் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் பேச்சு ஓடியது. "வரும் ஞாயிறு வைத்துக்கொள்ளலாமா?" என்ற கேள்விக்குக் கீழே வரிசையாகச் "சரி" வந்தது, நடுவில் ஒருவர் அடுத்த ஞாயிறு என்றார், அதற்குப் பின் வந்த "சரி" எந்த ஞாயிற்றுக்கு என்று எவருக்கும் விளங்கவில்லை.

கடைசியில் நான்கு ஞாயிறுகளைப் போட்டு வாக்கெடுப்பு வைத்தீர்கள். ஆனால் "Allow multiple answers" என்ற பொத்தான் அணைந்திருந்ததால், ஆளுக்கு ஒரு தேதியைத்தான் தொட முடிந்தது. 24 வீடுகளின் வாக்கு 8, 7, 5, 4 என்று சிதறியது. 8 பெற்ற முதல் ஞாயிறே முடிவாயிற்று. கூட்டத்துக்கு வந்தவை 11 வீடுகள். பிறகு நான் வீடு வீடாக, "எந்தெந்த நாளில் உங்களால் வர முடிந்திருக்கும்?" என்று கேட்டேன். வெறும் 5 வாக்கு வாங்கிய மூன்றாம் ஞாயிற்றில் 19 வீடுகளால் வந்திருக்க முடியும். முதல் ஞாயிற்றில் சிலருக்குச் சம்பா அறுவடை, சிலருக்கு உறவில் கல்யாணம். விருப்பமான நாளைக் கேட்டதுதான் பிழை. வர இயலும் நாட்களையெல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே வரும் ஆடிக் கூட்டத்துக்கு அந்தப் பொத்தானை இயக்கி, "வர முடிந்த எல்லா நாட்களையும் தொடவும், புதன் இரவு 9 மணி வரை" என்று கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு விடையிலும் தேதி, கிழமை, நேரம் மூன்றும் இருக்கட்டும். ஆடிப்பெருக்கையும் பஞ்சாங்கத்தையும் அனுப்பும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. வாக்கு விழுந்தபின் ஒரு தேதியை மாற்றினால், அதுவரை விழுந்த வாக்குகளுக்குப் பொருளில்லாமல் போகும்.

எண்ணும்போது ஒரு கவனம் தேவை. திரையில் தெரிவது ஆட்களின் கணக்கே தவிர, வீடுகளின் கணக்கு அன்று. கணவனும் மனைவியும் குழுவில் இருந்தால் ஒரு வீடு இரண்டாகிவிடும். "View votes" என்பதைத் தொட்டால் யார் எந்த நாளைத் தொட்டார் என்ற பெயர்ப்பட்டியல் வரும்; அதிலிருந்து வீட்டுக்கு ஒன்றாக எண்ணிக்கொள்ளலாம்.

தேதி முடிவானதும் இன்னொரு நீண்ட அறிவிப்பு வேண்டாம். வாக்கெடுப்பு இருக்கும் அதே இணைப்புப் பட்டியலில் "Event" இருக்கிறது. அதில் நாள், நேரம், மொட்டைமாடி என்ற இடம் ஆகியவற்றைக் குறித்து அனுப்பி, அந்தச் செய்தியை 7 நாட்களுக்குக் குழுவின் தலையில் பின் செய்து வையுங்கள். வருவோர் அதிலேயே தெரிவித்துவிடுவதால், எத்தனை நாற்காலி போடுவது என்பதும் அங்கேயே தெரியும்.

நம் குடியிருப்பில் இரண்டு வீட்டுப் பெரியவர்களிடம் ஸ்மார்ட்போன் இல்லை. வாக்கெடுப்பு முடியும் புதன்கிழமை மாலையே அவர்களிடம் நேரில் கேட்டு வந்து உங்களிடம் சொல்லும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இப்படிக்கு,
முதல் மாடிக் குடியிருப்பாளர்