கொட்டுவதற்கு மூன்று மாதம் முன்னால்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

தோல் டாக்டரிடம் கொடுக்க நீ எழுதி அனுப்பியதைப் படித்தேன். ‘ஐந்து மாதமாக முடி ரொம்பக் கொட்டுகிறது, பயமாக இருக்கிறது’ என்பதையே ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். பயம் எனக்குப் புரிகிறது. டாக்டருக்குத் தேவை தேதி. முப்பது வருடம் வார்டில் நின்றவள் சொல்கிறேன், கேள்.

இன்று உதிரும் முடி இன்று முடிவெடுத்து உதிர்வதில்லை. உடம்புக்குப் பெரிய அடி விழும்போது நிறைய முடிகள் ஒரே நேரத்தில் வளர்வதை நிறுத்திவிட்டு ஓய்வுக்குப் போய்விடும். விழுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். அதனால் கொட்ட ஆரம்பித்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். உனக்கு ஆரம்பித்தது பொங்கல் கழிந்த வாரம். அங்கிருந்து மூன்று மாதம் பின்னால் போனால் அக்டோபர் கடைசி. மழையில் வந்த டெங்கு, ஏழு நாள் காய்ச்சல், நான்கு நாள் ஆஸ்பத்திரி. அதை நீ ஒரு வரிகூட எழுதவில்லை. ‘அது எப்பவோ சரியாயிடுச்சே’ என்பாய். அதனால்தான் எல்லோருக்கும் இது விட்டுப்போகிறது.

ஆனால் காய்ச்சல் மட்டும் காரணம் என்றால் இந்நேரம் குறைய ஆரம்பித்திருக்க வேண்டும். ஜூன் வந்தும் குறையவில்லை என்கிறாய். அப்போது அடுத்த அடி எது? டிசம்பரிலிருந்து மார்ச் வரை இராச்சாப்பாட்டை விட்டாயே, 58 கிலோ 51 ஆனதே, அதுதான் என்று எனக்குப் படுகிறது. காய்ச்சலில் இளைத்த உடம்பை மேலும் பட்டினி போட்டிருக்கிறாய். முட்டையும் மீனும் நிறுத்தியது, சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது, இரண்டையும் எழுது. டீ இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. மாதவிலக்கில் எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்பதையும் எழுது. உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் பார்க்கலாமா என்று டாக்டர் முடிவு செய்ய இவைதான் உதவும்.

மருந்து விஷயத்தில் நீ மறைத்தது ஒன்று, நான் கேட்காமல் விட்டது ஒன்று. மறைத்தது, தோழி சொல்லி மார்ச்சிலிருந்து போடும் பயோட்டின் மாத்திரை. ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் சின்ன அளவு இல்லை. அவ்வளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில லேப் முறைகளில் தைராய்டு ரிசல்ட் தப்பாக வரும். தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். அளவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். பாட்டிக்கு இருபது வருடமாகத் தைராய்டு குறைவு. உனக்கும் அது இருந்து, டி.எஸ்.எச். ஏறியிருந்தால், அந்த ஏற்றம் ரிப்போர்ட்டில் தெரியாமலே போகலாம். அதனால் அளவோடு எழுது. ரத்தம் கொடுப்பதற்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று அவரையே கேள். இரண்டு நாளாவது என்பார்கள்.

நான் கேட்காதது, மாதவிலக்குக்கோ வேறு எதற்கோ ஹார்மோன் மாத்திரை போட்டு நிறுத்தினாயா என்பது. அதை நிறுத்தினாலும் முடி கொட்டலாம். என்னிடம் சொல்ல வேண்டாம். டாக்டரிடம் சொல்.

குடும்பத்தைப் பற்றி ‘அம்மாவுக்கு அடர்த்தியான முடி’ என்று மட்டும் எழுதியிருக்கிறாய். நன்றி! உன் அத்தையை எங்கே விட்டாய்? அவளுக்கு ஒருநாளும் கொத்தாகக் கொட்டியதில்லை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் வகிடு மட்டும் வருடா வருடம் அகன்றது. அது வேறு வகை, அப்பா வழியிலும் வரும். சித்திரை லீவில் நீ வந்தபோது, போன வருடம் சில்வர் பீச்சில் எடுத்த போட்டோவோடு உன் வகிட்டை ஒப்பிட்டுப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் கண்ணை நம்பாதே, இரண்டு போட்டோவையும் காட்டு.

அந்த லீவில் குளியலறை ஜாலியில் சிக்கிய உன் முடியில் பத்துப் பன்னிரண்டை எடுத்துக் கறுப்புப் புடவை மேல் பரப்பினேன். பாட்டி திட்டினாள். ஏறக்குறைய எல்லாவற்றின் நுனியிலும் ரவை மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. வேரோடு வந்துவிட்டது என்று நீ அழுதது அதைப் பார்த்துத்தான். அது வேர் இல்லை, ஓய்வுக்குப் போன முடியின் அடிக்குமிழ். வேர்ப்பை தலையிலேயே இருக்கிறது. நடுவில் ஒடிந்த முடியில் இந்தப் புள்ளி இருக்காது. இதையும் எழுது. வட்டமாகச் சொட்டை எங்கும் இல்லை, அரிப்பில்லை என்பதையும் சேர்த்துக்கொள்.

சரி, இப்படி ஆரம்பி:

‘அக்டோபர் கடைசியில் டெங்கு. டிசம்பர் முதல் மார்ச் வரை உணவைக் குறைத்து 7 கிலோ இளைத்தேன். ஜனவரி நடுவிலிருந்து தலை முழுக்கப் பரவலாக முடி கொட்டுகிறது, இன்னும் நிற்கவில்லை. மார்ச்சிலிருந்து பயோட்டின் 10 மி.கி. பாட்டிக்குத் தைராய்டு, அத்தைக்கு வகிடு அகன்றது.’

மீதியை இதன் கீழே எழுது. ஒரு பக்கம் தாண்டாதே.

போவதற்கு முந்தின நாளும் அன்றைக்கும் தலைக்குக் குளிக்காதே. டாக்டர் ஒரு பிடி முடியை இழுத்துப் பார்த்து, எத்தனை கையோடு வருகிறது என்று எண்ணுவார். குளித்துவிட்டுப் போனால் வர வேண்டியது குளியலறையிலேயே போயிருக்கும். எண்ணெயும் வேண்டாம், நான் கொடுத்த கரிசலாங்கண்ணித் தைலமும் சேர்த்துத்தான்.

பாட்டி திருவந்திபுரத்துக்கு உனக்கு மொட்டை வேண்டிக்கொண்டாளாம். மொட்டையால் வேர்ப்பையில் எதுவும் மாறாது என்றேன். ‘பெருமாளுக்குத் தெரியும்’ என்றாள். அது நீயும் அவளும் பேசிக்கொள்ளுங்கள்.

அம்மா