கொப்பியில் ஒன்று, காதில் இரண்டு

கண்டி

அன்புள்ள நண்பா,

அடுத்த மாதம் நீ ஹட்டனிலிருந்து மாற்றலாகி இங்கு வருகிறாய் என்ற செய்தி மிகுந்த மகிழ்ச்சி தந்தது. சிங்களத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். சொற்களைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிப் பாடமாக்காதே. முதலில் சிங்கள எழுத்துகளைப் படி.

நான் ஓராண்டு அந்தத் தவற்றைச் செய்தேன். சிங்களத்தில் 'இன்று' என்பதற்கும் 'கை' என்பதற்கும் என் கொப்பியில் 'அத' என்றே எழுதியிருந்தேன். 'இன்று' என்னும் சொல்லின் 'த'வில் தொண்டை அதிரும். 'கை' என்னும் சொல்லின் 'த'வில் அதிராது. நமக்கு ஒரே 'த' போதுமாக இருக்க, அவர்களுக்கு அவை இரண்டு எழுத்துகள். அறுபதும் நாளையும் அப்படித்தான், இரண்டையும் 'ஹெட' என்றே எழுதினேன்; அங்கே வேறுபடுவது முதல் உயிரொலி. சந்தையில் ஒருவர் நாளை வரச் சொன்னதை அறுபது ரூபாய் என்று விளங்கிக்கொண்டு காசை நீட்டினேன். பேருந்தில் இறங்குவதற்குச் சொல்லும் 'பஹினவா'வையும் நம் 'பல்'லில் வரும் ப போலச் சொன்னால் நடத்துனருக்கு உடனே பிடிபடாது. அது 'பஸ்'ஸில் வரும் ப.

பிறகு சிங்கள எழுத்துகளைப் படித்ததன் பயனை மகளின் பிறப்பைப் பதியப் போனபோது கண்டேன். தேவிகா என்று தமிழில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, உத்தியோகத்தர் சிங்களப் படிவத்தில் அதிராத 'த'வைப் போட்டுவிட்டார். கையொப்பமிடுமுன் வாசித்துப் பார்த்ததால் கண்ணில் பட்டது. எழுத்தைச் சுட்டி, "மேக்க நெவெயி", இது அல்ல, என்று சொல்லி, சரியான எழுத்தைத் தாளில் எழுதிக் காட்டினேன், உடனே திருத்தினார். பதிவேட்டில் ஏறியிருந்தால் தனியாக விண்ணப்பித்து, ஆதாரங்களும் காட்ட வேண்டியிருந்திருக்கும். நம் மக்களில் எத்தனையோ பேருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயருமாக இருப்பதை நீயும் அறிவாய். அந்த அலைச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை.

படிவங்களுக்கு எழுத்தோடு சில சொற்கள் போதும்: நம என்றால் பெயர், லிபினய முகவரி, உபன் தினய பிறந்த திகதி, அத்சன கையொப்பம். ஆனால் அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தைப் பேச்சுச் சிங்களத்தை வைத்து வாசித்துவிட முடியாது. எழுத்து நடையில் வினைமுற்றுகளே வேறு. அதற்குத் தமிழில் பதில் கேள். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. கேட்பது நம் உரிமை.

வரும்போது கோடு போட்ட கொப்பி ஒன்று கொண்டு வா. முதல் ஞாயிறே 'த' இரண்டையும் எழுதிப் பழகுவோம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்