முதல் வகுப்பில் சேர்க்கும் முன் பெற்றோரிடம் சொல்லுங்கள்: கூடலூர், பந்தலூர் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

முதல் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தில் பயிற்றுமொழிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. தோட்ட வேலைக்கு நேரமாகிவிட்ட பெற்றோர் யோசிக்காமல் ஆங்கிலவழி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கட்டம் இருபது வயதில் பிள்ளைக்கு எதைத் திறக்கும், எதை அடைக்கும் என்பதை அப்போதே அவர்களுக்கு விளக்குவது உங்கள் கடமை என்று கருதுகிறோம்.

தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. அதன் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு முக்கியமான நிபந்தனையை வைத்தது. அந்தப் பணிக்குரிய கல்வித்தகுதி வரை முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். இடையில் ஓர் ஆண்டு விட்டாலும் போயிற்று.

ஒரு பெண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பு வரை தனியார் ஆங்கிலவழிப் பள்ளி. கட்டணம் கட்ட முடியாமல் ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு, தமிழ்வழிக்கு வருகிறாள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இடங்களுக்கு அவள் தகுதி பெறுவாள். கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். இவ்விரண்டுக்கும் அவள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். அரசுப் பள்ளிப் பிள்ளையிடம் அங்கே தமிழ்வழியா ஆங்கிலவழியா என்று கேட்பதில்லை. ஆனால் பத்தாம் வகுப்புத் தகுதியுள்ள குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது தமிழ்வழி முன்னுரிமை அவளுக்கு இல்லை. முதல் ஐந்து ஆண்டுகள் அதை அடைத்துவிட்டன. இன்னொருத்தி பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டுப் பதினொன்றில் ஆங்கிலவழிக்கு மாறினால் குரூப் 4இல் அவளுக்கு முன்னுரிமை உண்டு. பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் குரூப் 2இல் இல்லை. முதல் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை முழுவதையும் தமிழ்வழியில் முடித்தால்தான் அங்கே செல்லும்.

தனியார் நிறுவன வேலைக்கும் வெளிமாநில உயர்கல்விக்கும் ஆங்கிலம் வேண்டும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. பெற்றோரின் ஆசை நியாயமானது. ஆங்கிலவழி வகுப்பு அந்த ஆங்கிலத்தைத் தருகிறதா என்பதுதான் எங்கள் கேள்வி.

அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் 2012-13 முதல் பரவலாகின. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அந்த இருவரும் ஐந்து வகுப்புகளைப் பார்க்கிறார்கள். இரண்டாவது பயிற்றுமொழியும் சேர்ந்தால் பத்துப் பிரிவுகள், ஆள் அதே இருவர். எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து தமிழிலேயே விளக்கிவிட்டு, ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்கு மட்டும் விடைகளைக் கரும்பலகையில் எழுதிப் போட வேண்டியதாகிறது. நோட்டு நிறைய எழுத்து இருக்கும், பிள்ளைக்குப் பொருள் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கணக்குப் போதும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் 18-இலிருந்து 14-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். பிறகு, காலையில் 18 கிலோவும் மாலையில் 14 கிலோவும் பச்சைத் தேயிலை பறித்தால் காலையில் எவ்வளவு அதிகம் என்று தமிழில் கேளுங்கள். கடைசியாக அதே கேள்வியைப் பாடநூல் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். முதல் இரண்டுக்கும் 4 என்று சொன்ன பிள்ளை மூன்றாவதற்கு 32 என்று எழுதினால், அவளுக்குக் கணக்கு வருகிறது, பயிற்றுமொழிதான் தடுக்கிறது என்று பொருள். அந்தத் தாளைப் பெற்றோர் கூட்டத்தில் காட்டுங்கள்; மதிப்பெண் பட்டியலில் இது தெரியாது.

பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிப் பிள்ளைகளுக்கு இன்னும் கடினம். அவர்களுக்குத் தமிழே வீட்டுமொழி அல்ல. ஆங்கிலவழியில் சேர்த்தால் புரியாத இரண்டு மொழிகள் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. முதல் வகுப்பில் அவர்கள் மொழி பேசும் ஒருவர் உடன் இருந்து, பேச்சு முதலில் வீட்டுமொழியிலும் எழுத்து தமிழிலும் தொடங்குவதே சரி. தாய்மொழிவழிக் கல்வி வேண்டும் என்று வாதாடுபவர்களும் இந்தப் பிள்ளைகளை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. இரண்டு ஆசிரியர் மட்டுமுள்ள பள்ளியில் கூடுதல் ஆசிரியர் வராமல் ஆங்கிலவழிப் பிரிவு தொடங்கத் தீர்மானம் போடாதீர்கள். தமிழ்வழி வகுப்பிலேயே ஆங்கிலப் பாடவேளை தினமும் தவறாமல் நடக்கட்டும். அதில் பாதி நேரம் பிள்ளைகள் வாய் திறந்து பேச வேண்டும். மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும்போது பயிற்றுமொழியை விடாமல் குறிப்பிடுங்கள். பள்ளி மாறிய பிள்ளை ஒவ்வொரு பள்ளியிலும் தமிழ்வழிச் சான்று வாங்க வேண்டியிருக்கும். ஆள் குறைந்து மூடப்படும் தோட்டப் பகுதிப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் எந்தப் பள்ளியில் இருக்கின்றன என்பதைத் தகவல் பலகையில் எழுதி வையுங்கள். சான்று தேடி வரும் இளைஞர்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.