30 மீட்டர் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு குளிக்கலாமா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் பழுதுபார்க்கும் மேசைக்கு அடிக்கடி வரும் புகார் இது: "பின்மூடியில் 30 மீட்டர் என்று போட்டிருக்கிறது. நான் கடலுக்கெல்லாம் போகவில்லை, வீட்டில் வெந்நீரில் குளித்தேன். கண்ணாடிக்குள் பனி மாதிரி படிந்துவிட்டது." கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதில் இந்த மடல்.

30 மீட்டர், 3 பார், 3 ஏ.டி.எம். மூன்றும் ஒரே அளவைத்தான் சொல்கின்றன. அது ஆழம் அல்ல, சோதனையில் கொடுத்த அழுத்தம். ஐ.எஸ்.ஓ. 22810 என்ற தரவிதிப்படி, புது வாட்ச்சை அசையாத தண்ணீரில் வைத்து, அறை வெப்பநிலையில் அந்த அழுத்தத்தைப் பத்து நிமிடம் கொடுத்துப் பார்ப்பார்கள். நீர் புகவில்லை என்றால் தேறிவிட்டது. ஒவ்வொரு வாட்ச்சையும் இப்படிச் சோதித்தாக வேண்டும் என்பதுகூட இல்லை. மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதித்தால் போதும்.

நீந்தும்போது கையை வீசி அடிப்பதால் அழுத்தம் பல மடங்கு ஏறிவிடும், அதனால்தான் 30 மீட்டர் தாங்காது என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கை தண்ணீரைக் கிழித்தாலும், கூடுதலாக வருவது ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் ஆழத்து அழுத்தம்தான். நீச்சல் குளத்தின் இரண்டு மீட்டர் ஆழத்தையும் சேர்த்தால்கூட நான்கு மீட்டரை எட்டாது. அப்படியானால் வாட்ச்சுக்குள் தண்ணீர் ஏன் போகிறது?

ரப்பர் வளையங்களால். பின்மூடி, கண்ணாடி, சாவி மூன்று இடத்திலும் மெல்லிய வளையங்கள் உண்டு. சோதனையின்போது அவை புதிதாக இருந்தன. வியர்வை, சோப்பு, சென்ட், வெயில் எல்லாம் பட்டுப் பட்டு அவை இறுகும், நசுங்கும், வெடிக்கும். சாவியின் வளையம் முதலில் தேயும். ஒவ்வொரு முறை நேரம் திருத்தும்போதும் உரசுவது அதுதான். மூடியில் எழுதிய எண் மட்டும் அப்படியே இருக்கிறது.

இனி அந்த வெந்நீர்க் குளியலுக்கு வருவோம். 25 டிகிரியில் இருந்த வாட்ச், ஷவருக்கு அடியில் 40 டிகிரிக்குச் சூடாகிறது என்று வையுங்கள். உள்ளே உள்ள காற்றின் அழுத்தம் சுமார் 5 சதவீதம் கூடும். வளையம் தளர்ந்திருந்தால் கொஞ்சம் காற்று வெளியே கசியும். குளித்து முடித்து மின்விசிறிக்கு அடியில் வந்து நின்றால் வாட்ச் குளிர்கிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது. அப்போது அது வெளியே இருக்கும் ஈரக் காற்றை, சில சமயம் சாவியோரம் ஒட்டியிருக்கும் நீரையே, உறிஞ்சிக்கொள்ளும். கூடவே சோப்பு வேறு. சோப்பு கலந்த நீர் சாதாரண நீரைவிடச் சுலபமாக நுண்ணிய இடுக்குகளில் பரவும். 100 மீட்டர் வாட்ச் என்றாலும் வெந்நீர்க் குளியலும் நீராவிக் குளியலும் வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். கழற்றி வைக்க அரை நிமிடம்கூட ஆகாது.

மழைக்கு 30 மீட்டர் போதும், கை கழுவவும் போதும். 50 மீட்டர் வாட்ச் வளையங்கள் நல்ல நிலையில் இருந்தால் குளத்தில் மெதுவாக நீந்தத் தாங்கும், ஆனால் நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. அடிக்கடி நீந்துபவர்கள் 100 மீட்டரும் திருகி மூடும் சாவியும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆழ்கடலில் மூழ்குபவர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்று தனி விதி இருக்கிறது. அதில் ஒவ்வொரு வாட்ச்சும் எழுதிய அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சோதிக்கப்படும். எந்த வாட்ச்சாக இருந்தாலும் தண்ணீருக்குள் சாவியை இழுக்காதீர்கள், பக்கத்துப் பொத்தான்களை அழுத்தாதீர்கள். கடல்நீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

கண்ணாடிக்குள் பனி படிந்து, அரை மணியில் தானே மறைந்துவிட்டால் சரியாகிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். ஈரம் வெளியே போகவில்லை, உள்ளேயேதான் இருக்கிறது. அது முள்ளையும் இயந்திரத்தையும் துருப்பிடிக்க வைக்கும். வெயிலில் வைப்பது, ஹேர் டிரையர் பிடிப்பது, அரிசிக்குள் புதைப்பது எதுவும் வேண்டாம். சாவியைத் தொடாமல் அன்றே கொண்டுவாருங்கள், திறந்து உலர்த்துகிறோம்.

அப்புறம் ஒன்று. பேட்டரி மாற்றும்போதெல்லாம் பின்மூடி திறக்கப்படுகிறது. வளையம் முறுக்கிக்கொண்டாலோ, ஒரு தலைமுடி அளவு தூசி சிக்கினாலோ கசிவு ஆரம்பித்துவிடும். எங்கே மாற்றினாலும், வளையத்தையும் மாற்றி அழுத்தச் சோதனை செய்து தரச் சொல்லுங்கள். தண்ணீரில் போடாமலே, காற்றழுத்தத்தில் வாட்ச்சின் மூடி எவ்வளவு வளைகிறது என்று அளந்து கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது. சில நிமிட வேலைதான்.

இப்படிக்கு,
உங்கள் கடிகாரக் கடையினர்