எவர்சில்வர் பாத்திரப் படங்களில் ஸ்டிக்கர் நீக்குவது பற்றி

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கேட்லாக் படத்தில் இருக்கும் விலை ஸ்டிக்கரைக் கணினியில் எடுத்துவிடலாமே, பாத்திரத்தில் ஏன் உரிக்க வேண்டும் என்று பலர் கேட்கிறீர்கள். அட்டைப்பெட்டி என்றால் எங்களுக்கும் கவலையில்லை. எவர்சில்வர்தான் படுத்துகிறது.

எவர்சில்வருக்கென்று தனி நிறம் கிடையாது. எதிரில் இருப்பதைக் காட்டும் கண்ணாடி அது. ஒரு தூக்குவாளியைப் படமெடுத்தால் அதன் உடம்பில் வெளிச்சமும் இருட்டும் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக நிற்கும். நான்கு சென்டிமீட்டர் அகல ஸ்டிக்கர் இப்படி இரண்டு மூன்று பட்டைகளை மறைத்துவிடும். ஃபோட்டோஷாப்பில் ஹீலிங் பிரஷ்ஷால் தேய்த்தால் பக்கத்துப் பட்டைகள் ஒன்றோடொன்று கலந்து, அந்த இடம் அடிபட்டு நசுங்கியது போல் ஆகிவிடும். வாங்குபவர் பாத்திரமே ஒடுங்கியிருக்கிறது என்று நினைப்பார்.

அதனால் நாங்கள் ஸ்டிக்கருக்கு நேர் மேலே உள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்து, Ctrl+J கொடுத்துத் தனி லேயராக்கி, நேராகக் கீழே இறக்குகிறோம். பக்கவாட்டிலிருந்து எடுத்தால் பட்டை பொருந்தாது. பிறகு மாஸ்க் போட்டு ஓரத்தை மென்மையாக்குவோம். ஒட்டுப்போட்டது தெரிகிறதா என்று பார்க்க, மேலே ஒரு Curves லேயர் வைத்துக் கான்ட்ராஸ்ட்டைக் கன்னாபின்னாவென்று ஏற்றுவோம். கண்ணுக்குத் தப்பிய விளிம்பு அதில் பளிச்சென்று தெரியும். சரிபார்த்ததும் அந்த லேயரை நீக்கிவிடுவோம். குடம் போல வயிறு பெருத்த பாத்திரத்தில் பட்டைகள் வளைந்து போவதால் இந்த வழியும் அரைகுறைதான். ஸ்டிக்கருக்கு அடியில் பெயர் வெட்டியிருந்தால், அதை எங்களால் கற்பனை செய்து வரைய முடியாது.

உரிக்கும்போது ஹேர் டிரையரால் அரை நிமிடம் சூடு காட்டி, ஒரு மூலையைத் தூக்கி, பாத்திரத்தை ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் காகிதம் கையோடு வரும், பசை தங்கிவிடும். தங்கிய பசையிலும் டேப் கறையிலும் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவைத்துத் துணியால் துடையுங்கள். கம்பி நார் வேண்டவே வேண்டாம். அதன் கீறல் கறையைவிட மோசமாகப் படத்தில் விழும். கடைசியில் சோப்பு போட்டுக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். எண்ணெய்ப் பூச்சு மிஞ்சினால் படத்தில் அந்த இடம் மங்கித் தெரியும்.

கடையில் விற்க வேண்டும், உரிக்க முடியாது என்றால் இன்னும் எளிது: ஸ்டிக்கர் பின்பக்கம் போகும்படி பாத்திரத்தைத் திருப்பி வைத்து எடுங்கள். கைப்பிடியால் திருப்ப முடியாவிட்டால் மட்டும் எங்களிடம் விடுங்கள்.

பாக்கெட் பொருட்களில் பார்கோடையும் நீங்கள் ஒட்டிய விலையையும் எடுத்துத் தருவோம். ஆனால் அட்டையில் அச்சான எம்.ஆர்.பி., நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி, சைவ அசைவப் புள்ளி ஆகியவற்றைத் தொடமாட்டோம். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி இணையத்தில் விற்கும்போதும் விலை, எடை போன்ற விவரங்களை வாங்குபவருக்குக் காட்டியாக வேண்டும்.