செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: நமது இருப்பு நிதி வளர்ந்தது எதனால்?

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். தண்ணீர்த் தொட்டி, மின்தூக்கி பராமரிப்புச் செலவுகள் தணிக்கைக் கணக்கில் இருக்கின்றன. இந்த அறிக்கையில் நம் இருப்பு நிதியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

2015 ஏப்ரல் 1 அன்று நிதியில் 2,00,000 ரூபாய் இருந்தது. 2025 மார்ச் 31 அன்று 15,60,000. பத்து வருடத்தில் எட்டு மடங்கு வளர்ந்துவிட்டது என்று பலரும் மகிழ்ச்சியோடு சொன்னீர்கள். அதில் நாம் போட்டது எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பார்க்க, பத்து வருட வங்கி அறிக்கைகளையும் பொருளாளரும் நானும் வரி வரியாகப் பிரித்தோம்.

20 வீடுகள், மாதம் 500 ரூபாய் வீதம் போட்ட சந்தா 12,00,000. 2021 ஏப்ரலில் வெள்ளையடிக்க எடுத்தது 3,00,000. ஆக, நம் கையிலிருந்து நிகரமாகச் சேர்ந்தது 9,00,000. நிதி கூடியது 13,60,000. மீதி 4,60,000தான் வரி போக வந்த வட்டி. வளர்ச்சியில் மூன்றில் இரண்டு பங்கு நம் சந்தா.

வைப்பு நிதிதான் அதிகம் குழப்பியது. 2018 மார்ச்சில் 3,00,000 ரூபாயை 7 சதவீத வட்டிக்கு மூன்று வருட வைப்பில் போட்டோம். முதிர்ந்ததும் 3,69,432 சேமிப்புக் கணக்குக்கு வந்தது. வரவுப் பக்கத்தில் அது ஒரே தொகையாக நிற்கும். ஆனால் அதில் 3,00,000 நம் பணமே இடம் மாறியது. 69,432 மட்டும் வட்டி. முழுவதையும் புது வரவாக எழுதினால் சந்தா இரண்டு முறை எண்ணப்படும். வங்கி பிடித்த வரி சேமிப்புக் கணக்கில் தனிப் பற்றாக வருகிறது. அதை எடுத்த பணமாகக் கொள்ளாமல் வட்டியில் கழித்தோம்.

இன்னும் முதிராத வைப்புகளின் வட்டி சேமிப்புக் கணக்கு அறிக்கையில் தெரியாது. மார்ச் 31 நிலவரத்துக்கு வங்கியிடம் இருப்புச் சான்று வாங்கித்தான் இறுதித் தொகையைக் கணக்கிட்டோம். ஒவ்வொரு வருட இறுதி இருப்பும் அடுத்த வருடத் தொடக்க இருப்போடு பொருந்துகிறதா என்றும் பார்த்தோம். பொருந்தாவிட்டால் நடுவில் ஒரு அறிக்கை விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம், வட்டி வீதம். 2 லட்சம் 15.6 லட்சமானதை மட்டும் பார்த்தால் வருடத்துக்கு 22 சதவீதத்துக்கு மேல் வருகிறது. இது தவறான எண். தொடக்க இருப்பையும் சந்தாவையும் கழித்தல் குறியோடும், எடுத்ததையும் இறுதி இருப்பையும் கூட்டல் குறியோடும் A பத்தியில் தேதி, B பத்தியில் தொகை என்று தேதிவாரியாக எழுதி, பணம் வந்துபோன தேதிகளையும் கணக்கில் கொண்டு வருட வீதத்தைச் சொல்லும் XIRR சூத்திரத்தால் விரிதாளில் இப்படிக் கேட்டோம்:

```
=XIRR(B2:B124, A2:A124)
```

விடை சுமார் 5.5 சதவீதம். மின்தூக்கியை மாற்றுவதற்கு இந்த வீதத்தை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். சந்தாவை 700 ரூபாயாக உயர்த்தும் தீர்மானத்தை இந்தக் கணக்கின் அடிப்படையில் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்