ஒரு நிமிடத்தில் உச்சம் தொடும் தலைவலி

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னை வெயிலில் எந்தத் தலைவலி வந்தாலும் 'சூடு, பித்தம்' என்று சொல்லிவிடுகிறோம். பெரம்பூரில் எங்கள் தெருவில் 50 வயதை ஒட்டிய ஒரு அம்மாவுக்கும் அதையேதான் சொன்னார்கள். குடத்தைத் தூக்கும்போது பின்மண்டையில் பட்டென்று வலி, ஒரு நிமிடத்துக்குள் தாங்க முடியாத அளவு, கூடவே வாந்தி. தைலம் தேய்த்து மாத்திரை போட்டதும் கொஞ்சம் குறைந்தது. அந்தக் குறைவுதான் ஏமாற்றும்.

மருத்துவர் முதலில் கேட்பது, வலி எவ்வளவு வேகத்தில் உச்சத்துக்குப் போனது என்பதை. ஒற்றைத் தலைவலி பொதுவாக மெல்ல மெல்ல ஏறும். நொடிகளில் உச்சம் தொட்டால், மூளை ரத்தக்குழாயில் பலூன் போல உப்பிய இடம் வெடித்துக் கசிகிறதோ என்று சந்தேகிப்பார்கள். எல்லோருக்கும் அப்படி இருக்காது. ஆனால் ஸ்கேன் எடுக்காமல் இல்லை என்று சொல்ல முடியாது. கசிவு தானாக நின்றாலும், முதல் 24 மணி நேரத்தில்தான் மறுபடி வெடிக்கும் ஆபத்து அதிகம்.

சி.டி. ஸ்கேனை 6 மணி நேரத்துக்குள் எடுத்தால் ரத்தம் பெரும்பாலும் தெரிந்துவிடும். நேரம் போகப்போக ரத்தம் கரைந்து, படம் சரியாக இருப்பது போலத் தோன்றலாம். அப்புறம் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டிவரும். அந்த அம்மாவை மகன் அன்றைக்கே கூட்டிப்போனார், கசிவு தெரிந்தது, அடைத்துவிட்டார்கள்.

இப்படி வலி வந்தால் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டும். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

- ஓய்வுபெற்ற செவிலியர், பெரம்பூர், சென்னை